வேலை சரியில்லை என்றால் தேதி போட்டு எழுது

"வேலை சரியில்லைன்னு சொல்லிட்டாங்கக்கா. நாளையில இருந்து வர வேண்டாமாம்."

ஆலங்குளம் பஸ் ஸ்டாப்பில் மஞ்சப்பையோடு நின்ற அந்தத் தம்பி என்னிடம் சொன்னது இவ்வளவுதான். 2019 மார்ச் மாதம். ராஜபாளையத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் ஆறு வருடம் சரக்கு சரிபார்க்கும் வேலை. லாரியில் வரும் மூட்டையை எண்ணி, பில்லோடு ஒத்துப் பார்த்து, குடோன் நோட்டில் ஏற்ற வேண்டும். காலனிப் பையன், பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவன். ஆறாவது வருடத்தில் அவனைக் கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் உட்கார வைத்து பில் போடச் சொன்னார்கள். நாலு மாதம் கழித்து வேலை சரியில்லாமல் போய்விட்டது.

எந்த வேலை, எந்த நாளில், எவ்வளவு சரியில்லை என்று கேட்டேன். "அது சொல்லலக்கா" என்றான்.

இந்த 'சரியில்லை' என்ற சொல்லைப் பற்றித்தான் எழுதுகிறேன். சாதியைச் சொல்லி ஒருவனை வேலையை விட்டு நிறுத்துகிற முட்டாள் முதலாளி இன்றைக்கு யாரும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, செல்போனில் பதிவு இருக்கிறது, பயம் இருக்கிறது. அதனால் சாதி வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. அந்தச் சட்டையின் பெயர் 'திறமைக் குறைவு'. அந்தக் குறை வாயில் மட்டும் இருக்கும்வரை நாம் எதையும் மறுக்க முடியாது. காகிதத்தில் வந்துவிட்டால் வரிவரியாக மறுக்கலாம்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ல் வந்தது. அதன் 41ஆவது பிரிவு நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது. ஒரு கடையிலோ வணிக நிறுவனத்திலோ தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது. நீக்குவதானால் ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும், அல்லது அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும். ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டினால் முன்னறிவிப்பு வேண்டியதில்லை. ஆனால் அப்போது விசாரணை நடத்தி, அதில் சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் முப்பது நாளுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்.

தம்பி போனான். முதல் வாய்தாவில் நிர்வாகம் ஒரு கோப்பைக் கொண்டுவந்து வைத்தது. ஒன்பது மெமோக்கள். 2015லிருந்து 2019 வரை வருடத்துக்கு ஒன்று, இரண்டு என்று வரிசையாக இருந்தன. அவன் வெளிறிப்போனான். ஒன்றைக்கூட அவன் பார்த்ததில்லை.

நாங்கள் நகல் வாங்கி வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் பரப்பி வைத்துப் படித்தோம். ஒன்பதிலும் ஒரே வாக்கியம்: 'தங்கள் பணி திருப்திகரமாக இல்லை. திருத்திக்கொள்ளவும்.' எத்தனை மூட்டை குறைந்தது, எந்த லாரி, எந்தத் தேதி என்று ஒன்றிலும் இல்லை. ஒவ்வொன்றின் அடியிலும் 'வாங்க மறுத்துவிட்டார்' என்று ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவில். நான்கு வருடமாக ஒருவன் வாங்க மறுத்தால் ஒரு தடவையாவது பதிவுத் தபாலில் அனுப்பியிருக்க மாட்டார்களா? தபால் ரசீது ஒன்றும் இல்லை. அதே நான்கு வருடமும் ஏப்ரலில் சம்பள உயர்வு கொடுத்திருக்கிறார்கள், தீபாவளிக்கு போனஸும் கொடுத்திருக்கிறார்கள். வேலை திருப்தியில்லாதவனுக்கு எதற்கு உயர்வு?

இதெல்லாம் வாதத்துக்கு உதவும். கோப்பை உடைத்தது வேறொன்று. 2016 ஆகஸ்ட் தேதி போட்ட மெமோவின் லெட்டர்பேடில் கடையின் ஜிஎஸ்டி எண் அச்சாகியிருந்தது. ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்ததே 2017 ஜூலை 1ஆம் தேதி. பிறக்காத எண்ணை ஒரு வருடம் முன்பே அச்சடித்திருக்கிறார்கள்! தம்பிதான் அதைக் கண்டுபிடித்தான். பில் போட்டுப் பழகிய கண். வேலை தெரியாதவன் என்று சொல்லப்பட்ட அதே கண்.

அடுத்த வாய்தாவில் அதைச் சுட்டிக்காட்டியதும் நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு வந்தது. பணிக்கொடையும் ஒரு தொகையும் கொடுத்தார்கள். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. குடும்பத்தில் அவசரம், அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். இதை வெற்றி என்று நான் எழுத மாட்டேன்.

இந்தக் கதையைக் கூட்டங்களில் சொல்லும்போதெல்லாம் ஒரு தோழர் எழுந்து, "அதனால்தான் சொல்கிறோம், மெமோ, மதிப்பீடு எல்லாம் முதலாளியின் ஆயுதம். எதிலும் கையெழுத்துப் போடாதே" என்கிறார். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அந்த ஒன்பது மெமோக்கள் பொய்யாக இருந்ததற்குக் காரணம் எழுதியது அல்ல. நடந்தபோது எழுதாமல், நீக்கிய பிறகு உட்கார்ந்து எழுதியதுதான். அவன் கண்ணில் காட்டாமல் எழுதியதுதான். உண்மையிலேயே 2016ல் ஒரு மெமோ கொடுத்திருந்தால் அவன் 2016லேயே பதில் எழுதியிருப்பான். அந்த லாரியின் டிரைவர் அப்போது சாட்சி சொல்லியிருப்பார். குடோன் நோட்டும் அப்போது கையில் இருந்திருக்கும்.

கையெழுத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மெமோவை வாங்கினேன் என்பது வேறு, அதில் உள்ளதை ஒப்புக்கொண்டேன் என்பது வேறு. 'பெற்றுக்கொண்டேன். இதில் உள்ளதை ஏற்கவில்லை. விளக்கம் தனியே தருகிறேன்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் 'மறுத்துவிட்டார்' என்று அவர்கள் எழுதுவதற்கு நீங்களே இடம் விட்டுக் கொடுக்கிறீர்கள்.

காட்டாமல் எழுதுகிற வழக்கம் ராஜபாளையம் கடைக்காரர் கண்டுபிடித்ததல்ல. அது அரசாங்கத்தின் பழைய பழக்கம். அதற்குப் பெயரே 'இரகசியக் குறிப்பு'. மேலதிகாரி வருடா வருடம் எழுதுவார், கீழே இருப்பவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. படுமோசமாக எழுதினால் மட்டும் தெரிவிப்பார்கள். இதை உடைத்தது தேவ் தத் வழக்கு. எல்லைப்புறச் சாலைப் பணியில் பொறியாளர் அவர். பதவி உயர்வுக்கு ஐந்து வருடமும் 'மிக நன்று' வேண்டும். நான்கு வருடம் இருந்தது. 1993-94க்கு மட்டும் 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். 'நன்று' கெட்ட குறிப்பு இல்லையே, அதனால் அவருக்குத் தெரிவிக்கவில்லை. அந்த ஒரு சொல்லால் பதவி உயர்வு போயிற்று. 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: நல்லதோ, சுமாரோ, மோசமோ, எந்தக் குறிப்பானாலும் நியாயமான காலத்துக்குள் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் அதை எதிர்த்து முறையிட வழி இருக்க வேண்டும். இல்லையென்றால் அது தன்னிச்சையான செயல், அரசியலமைப்பின் 14ஆவது பிரிவுக்கு எதிரானது. தேவ் தத் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். இருந்தும் அந்தக் குறிப்பை இப்போதாவது அவரிடம் காட்டுங்கள், முறையீட்டைக் கேளுங்கள், குறிப்பு உயர்ந்தால் பதவி உயர்வையும் ஓய்வூதியத்தையும் பரிசீலியுங்கள் என்று உத்தரவாயிற்று. அடுத்த வருடம் மே மாதத்தில் மத்திய அரசு தன் ஊழியர்களின் மதிப்பீட்டு அறிக்கையை முழுவதுமாக அவரவரிடம் கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. மறுப்பு எழுதப் பதினைந்து நாள்.

நம் ஆட்கள் அரசு வேலைக்குப் போக ஆரம்பித்த காலத்திலிருந்து இந்த இரகசியக் குறிப்பு எத்தனை பேரைத் தின்றிருக்கும் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. கணக்கெடுக்கவும் முடியாது. இரகசியமாயிற்றே.

இதில் இன்னும் ஓட்டை இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டாய ஓய்வு கொடுக்கும்போது தெரிவிக்கப்படாத குறிப்பையும் கணக்கில் எடுத்தது என்பதற்காக மட்டும் அந்த உத்தரவு செல்லாமல் போகாது என்று 1992ல் பைகுண்டநாத் தாஸ் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கட்டாய ஓய்வு தண்டனை இல்லையாம். ஐம்பது வயதில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

இதுவரை அடுத்தவர்களைத் திட்டினேன். இனி நம் வீட்டுக்குள் வருகிறேன்.

ஆலங்குளம் சுற்றுவட்டாரத்தில் நாங்கள் ஒரு சிறிய அறக்கட்டளை நடத்துகிறோம். மாலை வகுப்பு, நலவாரியப் பதிவு, கல்வி உதவித்தொகை விண்ணப்பம் போன்ற வேலைகள். சில வருடம் முன்பு களப்பணியாளர் ஒருவர் இருந்தார். அருந்ததியர் குடும்பத்துத் தம்பி. அலுவலகத்தில் மற்ற நாங்கள் பெரும்பாலும் இன்னொரு பட்டியல் சாதி. அவருடைய பொறுப்பில் ஆறு ஊர்கள். விண்ணப்பங்களை வாங்கி, சான்றிதழ் சரிபார்த்து, கடைசி நாளுக்குள் ஏற்ற வேண்டும். ஒரு பருவத்தில் பதினோரு பிள்ளைகளின் விண்ணப்பம் நாள் தவறிப்போனது. பதினொன்றும் நம் பிள்ளைகள். ஒரு பிள்ளையின் அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர். அவர் வாசலில் வந்து நின்றபோது என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அது முதல் தடவை அல்ல. அதற்கு முன்பும் தாமதங்கள். நான்தான் அவருக்கு ஒருங்கிணைப்பாளர். ஐந்தாறு தடவை சொல்லியிருப்பேன். எல்லாம் போனில், டீக்கடையில், பஸ்ஸில். வருட முடிவில் மதிப்பீட்டுப் படிவம் வந்தபோது 'நன்று' என்று எழுதினேன். நம்ம பையன், கஷ்டப்பட்ட குடும்பம், எழுதி எதற்குப் பெயரைக் கெடுக்க வேண்டும் என்ற இரக்கம். அந்த இரக்கத்தைப் போல ஒரு துரோகம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

பதினோரு பிள்ளைகள் விஷயம் நிர்வாகக் குழுவுக்குப் போனதும் செயலாளர் போனிலேயே அவரை நிறுத்திவிட்டார். மறுநாள் அவர் என் வீட்டுக்கு வந்தார். கத்தவில்லை. "நன்றுன்னு நீங்கதானேக்கா எழுதுனீங்க. ஒரு மாசத்துல என்ன மாறிச்சு? நான் சக்கிலியப் பையன்கிறதா?" என்று கேட்டார்.

அது காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் அன்று நினைத்தேன். ஆனால் அதை நிரூபிக்க என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அந்தக் கடைக்கார முதலாளி அதிகாரி முன்னால் எப்படி நின்றாரோ அப்படித்தான் நானும் நின்றேன். அவர் பொய்க் கோப்பாவது வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு நான் செய்தது இது. அவருடைய கள நோட்டையும் என் டைரியையும் எடுத்து வைத்துக்கொண்டு, முதல் தாமதம் நடந்த ஜூலையிலேயே நான் எழுதியிருக்க வேண்டிய குறிப்பை எழுதிப் பார்த்தேன். இப்படி வந்தது:

'ஜூலை 18. உங்கள் ஆறு ஊர்களின் விண்ணப்பங்களை ஜூலை 10க்குள் ஏற்றுவதென்று ஜூன் 3 கூட்டத்தில் முடிவு செய்தோம். முப்பத்து நான்கில் இருபத்தாறு ஏறியது. எட்டு ஏறவில்லை. எட்டும் கடைசி இரண்டு ஊர்களுடையவை. உங்கள் விளக்கம்: ………… நாங்கள் செய்து தருவது: ………… ஆகஸ்ட் 30 அன்று மறுபடி பார்ப்போம். நகல் பெற்றுக்கொண்டேன்: …………'

இதில் 'சோம்பேறி' இல்லை, 'அக்கறையில்லை' இல்லை, 'மனப்பான்மை' இல்லை. ஆளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முன்கூட்டியே என்ன கேட்டோம், என்ன நடந்தது, எத்தனை என்று மட்டும் இருக்கிறது. முன்கூட்டியே கேட்காத ஒன்றைப் பின்னால் குறை சொல்ல இந்தப் படிவத்தில் இடமே இல்லை. 'உங்கள் விளக்கம்' என்ற இடம் எங்கள் இருவர் கையெழுத்துக்கும் முன்னால் இருக்கிறது. அதை அவரே தன் கையால் நிரப்ப வேண்டும்.

அந்த இடத்தில் அவர் என்ன எழுதியிருப்பார் என்று அவரிடமே கேட்டேன். அந்தக் கடைசி இரண்டு ஊர்களுக்கும் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். காலை பஸ்ஸில் போனால் ஆட்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். சாயங்கால பஸ்ஸில் போனால் திரும்பி வர வண்டி இல்லை. மற்ற இரண்டு களப்பணியாளர்களுக்கு அலுவலக டூவீலர் இருந்தது. இவருக்கு இல்லை. இதை எனக்கு யாரும் மறைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இன்னொரு பக்கமும் உண்டு. பதினோரு விண்ணப்பத்தில் நான்கு அவருடைய பையிலேயே இரண்டு வாரம் கிடந்தன. அதற்கு பஸ் காரணம் இல்லை. "அது என் தப்புதான்" என்று அவரே சொன்னார். ஏழுக்கு நாங்கள் பொறுப்பு, நான்குக்கு அவர் பொறுப்பு. ஜூலையில் எழுதியிருந்தால் ஜூலையிலேயே இது தெரிந்திருக்கும். டிசம்பரில் அந்தப் பதினோரு பிள்ளைகளும் பணம் வாங்கியிருப்பார்கள்.

தோழர்களே, 'எழுதினால் நீக்குவதற்குத்தான் எழுதுகிறார்கள்' என்று சொல்வதற்கு முன் இந்த ஏழையும் நான்கையும் யோசியுங்கள். நேரத்தில் எழுதிய குறிப்பு முதலில் செய்கிற வேலை, தவறில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் காட்டுவது. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை என்று மூன்று தடவை இப்படி எழுதி, கேட்ட உதவியையும் செய்து கொடுத்து, அதற்குப் பிறகும் பைக்குள்ளேயே விண்ணப்பம் கிடந்தால் அவரை நிறுத்தலாம். அப்போது நிறுத்துவது நியாயம் என்று நானே சொல்வேன். அவரும் 'சாதியா?' என்று கேட்க வேண்டியிருக்காது. அப்போதுகூட முடிவெடுப்பது குறிப்பு எழுதிய ஆளாக இருக்கக் கூடாது. குறிப்பு நான் எழுதினால் முழுக் கோப்பையும் இன்னொருவர் படிக்க வேண்டும், அவரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பொய்யாக ரசீது போடுவது, பணத்தைக் கையாடுவது போன்றவற்றை இந்தக் கோப்பில் கலக்காதீர்கள். அது வேலைத்திறன் பிரச்சினை அல்ல, குற்றச்சாட்டு. அதற்குத் தனியாகக் குற்றப் பத்திரிகை, விசாரணை, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை எல்லாம் வேண்டும். மில்களிலும் ஆலைகளிலும் இதற்கு நிலையாணை என்று ஒன்று உண்டு. அந்தச் சட்டம் 1946ல் நிறைவேறியபோது தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தவர் அம்பேத்கர். திருடினான் என்று விசாரிக்கத் தைரியம் இல்லாத நிர்வாகம்தான் 'வேலை சரியில்லை' என்று பூசி மெழுகும். அதே மாதிரி, வேலை தெரியாததை விசாரணையில் நிறுத்தி ஒழுங்கீனமாக மாற்றுகிற நிர்வாகமும் இருக்கிறது.

ஒழுங்காக எழுதப்பட்ட கோப்பிலும் சாதி ஒளிந்திருக்கலாம். தேதி சரி, எண்ணிக்கை சரி, கையெழுத்து சரி, எல்லாம் உண்மை. ஆனால் எழுதப்பட்டது ஒருவரைப் பற்றி மட்டும். பக்கத்து மேசைக்காரர் அதே மாதத்தில் பத்து நாள் தாமதித்திருப்பார், அவருக்குக் குறிப்பே இருக்காது. ஆகவே யாராவது உங்களிடம் மெமோ கோப்பைக் காட்டினால் உள்ளே இருப்பதைப் படிப்பதோடு நிறுத்தாதீர்கள். அதே காலத்தில், அதே வேலையில், அதே அளவு தவறிய மற்றவர்களின் கோப்பைக் கேளுங்கள். வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள். மெமோ அனுப்பிய பதிவேட்டில் வரிசை எண்ணைப் பாருங்கள். முந்தைய எண்ணும் பிந்தைய எண்ணும் யாருக்குப் போயின, எந்தத் தேதியில் போயின என்று பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் இப்படிக் கேட்டிருந்தால் என்ன வந்திருக்கும்? மற்ற இரண்டு களப்பணியாளர்களும் அந்தப் பருவத்தில் தாமதித்திருந்தார்கள், ஒருவர் மூன்று, இன்னொருவர் ஐந்து. அவர்களையும் நான் எழுதவில்லை. அவர்களைச் செயலாளர் போனில் கூப்பிடவும் இல்லை. அன்று அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு 'இல்லவே இல்லை' என்று இன்று என்னால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை.

நிர்வாகக் குழுவில் சண்டை போட்டு அவரைத் திரும்பக் கூப்பிட்டோம். வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கணினி மையத்தில் சேர்ந்துவிட்டார். இப்போதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் விண்ணப்பத்தை அங்கிருந்து ஏற்றிக் கொடுக்கிறார், காசு வாங்குவதில்லை.

போன மாதம் எங்களிடம் இருக்கும் ஒரு தங்கைக்கு நான் குறிப்பு எழுதினேன். மாலை வகுப்பின் வருகைப் பட்டியல் மூன்று வாரம் தொடர்ந்து வரவில்லை என்று. எழுதும்போது கை கூசியது. அவள் 'உங்கள் விளக்கம்' என்ற இடம் போதாமல் இரண்டு பக்கம் தனியாக எழுதி இணைத்தாள். அதில் ஒரு பக்கம் முழுக்க என் மேல் புகார். படித்தேன். இரண்டு இடத்தில் அவள் சொல்வது சரி, ஒரு இடத்தில் சரியில்லை என்று நினைக்கிறேன். மூன்று காகிதத்தையும் சேர்த்துக் குத்தி, எண் போட்டு, நகலை அவளிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த பரிசீலனை வருகிற 30ஆம் தேதி.